எழுத்தைக் கடைசியில் படியுங்கள்: பழைய மணிகளை எடைபோடும் முறை

பழைய மணி விற்கும் இடத்தில் முதலில் நம் கண்ணுக்குக் காட்டப்படுவது எழுத்துதான். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவிலானாலும் வேறு எந்தப் பழம்பொருள் கடையிலானாலும், விற்பவர் மணியைத் திருப்பிப் பெயரும் வருஷமும் வெட்டியிருக்கும் பக்கத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுவருவார். அதைப் படித்ததும் மனம் ஒரு வயதை முடிவு செய்துவிடும். அதன்பிறகு தட்டிப் பார்ப்பதும் தடவிப் பார்ப்பதும் அந்த முடிவுக்குச் சான்று தேடுவதாகவே போய்விடும்.

இந்த அத்தியாயம் சொல்லும் வரிசை அதற்கு நேர் எதிரானது. முதலில் நாதம், அடுத்து வார்ப்பு, அதன்பின் நாக்கு பட்டுத் தேய்ந்த தடம், கடைசியில்தான் எழுத்து. காரணம் எளியது. எழுத்தை எந்த நாளிலும் புதிதாக வெட்டலாம். தேய்மானத்தைப் பொய்யாக உண்டாக்குவது கடினம். வார்ப்பின் குறையைப் பின்னால் மாற்றவே முடியாது. பொய் சொல்ல வாய்ப்புக் குறைந்த சாட்சியை முதலில் விசாரித்துவிட்டால், வாய்ப்பு அதிகமுள்ள சாட்சி வரும்போது நாம் ஏமாறமாட்டோம்.

இங்கே பேசுவது வாய் விட்டம் 15 செ.மீ. முதல் 60 செ.மீ. வரையுள்ள தொங்குமணிகளைப் பற்றி. கோயில், சத்திரம், பள்ளிக்கூடம், சர்ச் ஆகிய இடங்களில் தொங்கியவை இந்த அளவில்தான் பெரும்பாலும் கிடைக்கின்றன. பூசைக் கைமணிக்கும் இதே முறை பொருந்தும். ஆனால் அதில் அளக்க இடம் குறைவு.

வெண்கலமா, பித்தளையா

அந்த வரிசைக்குள் போகுமுன் உலோகத்தை அறிந்துகொள்வோம். செம்பும் வெள்ளீயமும் சேர்ந்தது வெண்கலம். செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது பித்தளை. மணிக்கென்று வார்க்கும் வெண்கலத்தில் வெள்ளீயம் அதிகம். நூற்றுக்கு 20 முதல் 23 பங்கு வரை இருக்கும். சிலை வார்க்கும் வெண்கலத்தில் இவ்வளவு போடமாட்டார்கள். வெள்ளீயம் கூடக்கூட உலோகம் கடினமாகும், கார்வை நீளும், கூடவே நொறுங்கும் குணமும் வரும். நல்ல மணி கீழே விழுந்தால் நசுங்காது, உடையும். பித்தளை மணி விழுந்தால் வாய் நெளியும். ஆகவே வாய் ஓரத்தில் நெளிவு தெரிந்தால் அது பித்தளை என்று ஏறக்குறைய முடிவு செய்துகொள்ளலாம். ஓரத்தில் சில்லு பெயர்ந்து, பெயர்ந்த இடம் சாம்பல் கலந்த வெண்மையாகச் சர்க்கரைக் கட்டியை உடைத்தாற்போல் மணிமணியாகத் தெரிந்தால் அது வெள்ளீயம் நிறைந்த வெண்கலம்.

சில்லும் நெளிவும் இல்லையென்றால், விற்பவரின் அனுமதியோடு வாயின் உட்புறத்தில், வெளியே தெரியாத ஓரிடத்தில், சிறு அரத்தால் ஒரே இழுப்பு இழுத்துப் பாருங்கள். பித்தளையில் அரம் எளிதாகக் கடித்து இறங்கும், உள்ளே பளிச்சென்ற மஞ்சள் தெரியும். மணி வெண்கலத்தில் அரம் வழுக்கும், கீறல் வெளிறிய பொன்னிறத்தில் சற்றே சாம்பல் தோய்ந்து நிற்கும். வெளிப்பூச்சையும் களிம்பையும் வைத்து உலோகத்தை முடிவு செய்யவே கூடாது. புளி போட்டுத் தேய்த்த வெண்கலமும் புகையேறிய பித்தளையும் ஒன்றுபோலவே தோன்றும்.

நீரில் அமிழ்த்தி அடர்த்தி பார்க்கச் சொல்வோர் உண்டு. வெண்கலத்துக்கும் பித்தளைக்கும் அடர்த்தி வேறுபாடு மிகக் குறைவு. உள்ளே நாலு காற்றுக்குழி இருந்தால் அந்த வேறுபாடும் அழிந்துவிடும். அதனால் பயனில்லை. நகைக் கடைகளில் உள்ள கேரட் மீட்டரில் கீறிய இடத்தைக் காட்டினால் வெள்ளீயமா துத்தநாகமா என்பது தெரிந்துவிடும். அது தங்கத்துக்கு அளவமைத்த கருவி, எனவே அது காட்டும் சதவீதத்தை அப்படியே நம்பவேண்டாம்.

‘ஐம்பொன் மணி, தங்கம் சேர்ந்திருக்கிறது, அதனால்தான் இந்த நாதம்’ என்ற பேச்சைக் கேட்க நேரும். நாதத்தைத் தருவது வெள்ளீயமும் வடிவமும் பழுதில்லாத வார்ப்பும். தங்கத்துக்கு அதில் பங்கில்லை. காரீயம் கூடினால் நாதம் மழுங்கும். பழைய பாத்திரங்களை உருக்கிச் சேர்த்த மணிகளில் இதுதான் வழக்கமான குறை.

நாதம்

மணியைத் தரையிலோ மேசையிலோ வைத்துத் தட்டினால் ஒன்றும் தெரியாது. கையால் காதைப் பிடித்துத் தூக்கித் தட்டுவதும் சரியல்ல. வலுவான கயிற்றிலோ தோல்பட்டையிலோ, எதிலும் உரசாமல் தொங்கவிடுங்கள். நாக்கைக் கழற்ற முடிந்தால் கழற்றிவிடுங்கள். முடியாவிட்டால் துணி சுற்றி அசையாமல் கட்டுங்கள். பழைய மணியில் கேட்கும் கரகரப்பில் பெரும்பங்கு தளர்ந்த நாக்கு வளையத்திலிருந்தும், தலையில் முடுக்கிய ஆணியிலிருந்தும் வருவது. அதைக் கேட்டுவிட்டு விரிசல் என்று மணியை ஒதுக்குகிறவர்கள் பலர்.

தட்டுவதற்கு மரச்சுத்தி போதும். இரும்புச் சுத்தி கூடவே கூடாது. வெள்ளீயம் மிகுந்த மணியில் அதுவே விரிசலைத் தொடங்கிவைக்கும். வாய் ஓரத்துக்குச் சற்று மேலே மணி மிகத் தடிமனாக இருக்கும் ஒரு பட்டை உண்டு. நாக்கு படவேண்டிய இடம் அதுதான். அங்கே மெதுவாக ஒரு தட்டு, பிறகு கார்வை முழுதும் அடங்கும் வரை காத்திருங்கள். இரண்டாம் தட்டுக்கு அவசரப்படுவதுதான் எல்லோரும் செய்யும் பிழை. முதல் இரண்டு வினாடியில் எல்லா மணியும் நன்றாகத்தான் ஒலிக்கும். வேறுபாடு அடங்கும் விதத்தில் இருக்கிறது. நல்ல வெண்கலத்தில் உச்சமான ஒலிகள் முதலில் உதிர்ந்து, அடியிலுள்ள ரீங்காரம் மட்டும் சீராகத் தேய்ந்துகொண்டே போகும். பித்தளையில் அந்த அடி ரீங்காரம் விரைவில் தீரும். விரிசல் விழுந்த மணியில் ஒலி தேயாது, அறுந்துபோகும். அறுமுன் சுள்ளென்ற ஒரு சிம்புச் சத்தம் அதில் ஒட்டியிருக்கும்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. பல பழைய மணிகளில் கார்வை ‘வோம்… வோம்… வோம்’ என்று ஏறி இறங்கும். இதைக் கேட்டுப் பழுது என்று நினைக்கவேண்டாம். மணியின் வட்டம் எல்லாப் பக்கமும் துல்லியமாக ஒரே தடிமனில் இருக்காது. அதனால் ஒரே அதிர்வு மிகச் சிறிய வேறுபாடுள்ள இரண்டு சுருதிகளாகப் பிரிந்துவிடுகிறது. இரண்டும் சேர்ந்து ஒலிக்கும்போது அலை எழுகிறது. கையால் செய்த மெழுகு வார்ப்பில் இது இயல்பு. அலை ஒழுங்காக, ஒரே கால இடைவெளியில் வந்தால் மணி நலமாகவே இருக்கிறது.

அலைதானா, விரிசலா என்று ஐயம் வந்தால் இப்படிச் செய்யலாம். வாயின் சுற்றளவை சாக்பீஸால் 16 பாகமாகக் குறியுங்கள். ஒவ்வொரு குறியிலும் ஒரே வலுவில் தட்டுங்கள். அடி ரீங்காரத்தில் வரும் அலையானால் ஏதோ ஓரிடத்தில் அது ஏறக்குறைய மறைந்துவிடும். அங்கிருந்து இரண்டு குறி தள்ளித் தட்டினால், அதாவது வட்டத்தில் எட்டில் ஒரு பங்கு நகர்ந்தால், மறுபடி மறையும். ஆனால் சுருதி மயிரிழை மாறியிருக்கும். இரண்டுக்கும் நடுவிலுள்ள குறியில் அலை மிக வலுவாக எழும். இந்த ஒழுங்கு வட்டம் முழுதும் திரும்பத் திரும்ப வரும். விரிசலுக்கு இப்படி ஒழுங்கு கிடையாது. விரிசலுக்குப் பக்கத்தில் தட்டும்போது சிம்புச் சத்தம் கூடும், விலகும்போது குறையும், எங்கு தட்டினாலும் முழுதாக மறையாது.

சர்ச் மணிகளில் ஒன்றைக் கூடுதலாகக் கவனிக்கவேண்டும். ஐரோப்பிய மணியில் அடி ரீங்காரம் அடித்த சுருதிக்கு ஒரு ஸ்தாயி கீழே நிற்பதை இன்று தரமாகக் கொள்கிறார்கள். இங்கிலாந்தில் லஃப்பரோ நகரத்து டெய்லர் வார்ப்பகம் இப்படி ஒவ்வொரு ஒலியையும் தனித்தனியாகக் கடைந்து சுருதி சேர்க்கத் தொடங்கியது 1896-ஐ ஒட்டித்தான். அதற்கு முந்தைய ஆங்கில மணியில் ரீங்காரம் சற்று விலகி நின்றால் அது குறை அல்ல. அந்தக் காலத்து வார்ப்பு என்பதற்கு ஒரு துணைச் சான்று.

வார்ப்பு

தடிப்பான மணியைப் பொதுவாக வாய் கீழே இருக்கும்படி அச்சு கட்டி, தலைப்பக்கத்திலிருந்து உருகிய உலோகத்தை ஊற்றுவார்கள். கசடும் காற்றும் மேலே மிதக்கும். எனவே வாய்ப்பட்டை அடர்த்தியாகவும், தோளும் தலையும் துளை மிகுந்தும் இருப்பது வழக்கம். தோளுக்கு மேலே ஊசிமுனைத் துளைகள் நாலு தெரிந்தால் கவலையில்லை. அதே துளைகள் அடிபடும் பட்டையில் கூட்டமாக இருந்தால் அந்த மணியை விட்டுவிடுங்கள். நாக்கு தட்டத் தட்டத் துளையிலிருந்து துளைக்கு விரிசல் ஓடும்.

மேற்பரப்பில் சுருக்கம் போல ஒரு கோடு ஓடும்போது குழப்பம் வரும். அது விரிசலாகவும் இருக்கலாம், உலோகம் ஒட்டாத மடிப்பாகவும் இருக்கலாம். இரண்டு பக்கமிருந்து வந்த உலோகம் ஆறிப்போய் ஒன்றோடொன்று சேராமல் நின்றுவிட்ட இடம்தான் மடிப்பு. மடிப்பின் ஓரங்கள் உருண்டிருக்கும், நகத்தால் தடவினால் வழுக்கும், உள்ளே பழைய கருமை இருக்கும். விரிசலின் ஓரம் கூர்மையாக நகத்தில் சிக்கும். வாயிலிருந்து புறப்பட்டு மேல்நோக்கி வளைந்து வளைந்து போகும். கண்ணால் முடிவாகவில்லையென்றால் பட்டறைகளில் செய்யும் மண்ணெண்ணெய்ச் சோதனையைச் செய்யுங்கள். இடத்தைத் துடைத்து மண்ணெண்ணெய் தடவிச் சற்று நேரம் ஊறவிட்டு, நன்றாகத் துடைத்துக் காயவிட்டு, சாக்பீஸ் பொடியைத் தூவுங்கள். உள்ளே பாய்ந்த எண்ணெய் பொடியில் ஊறிக் கோடாக மேலே வரும். கோடு உட்புறத்திலும் அதே இடத்தில் வந்தால் அது ஊடுருவிய விரிசல்.

விரிசல் விழுந்த மணி உடனே செத்துவிடுவதில்லை. லண்டனில் பிக் பென் எனப்படும் பெருமணி 1858-இல் வார்க்கப்பட்டு, ஒலிக்கத் தொடங்கிய 1859-ஆம் ஆண்டிலேயே விரிசல் கண்டது. அடிக்கும் சுத்தி தேவைக்கு மேல் கனமாக இருந்ததே காரணமாகச் சொல்லப்பட்டது. விரிசல் பரவாமலிருக்க அந்த இடத்தில் சிறு சதுரமாக உலோகத்தை வெட்டி எடுத்து, மணியை எட்டில் ஒரு பங்கு திருப்பி, இலேசான சுத்தியைப் பொருத்தினார்கள். இன்றும் அது அப்படியேதான் ஒலிக்கிறது. ஆனால் நம்மூர்ப் பட்டறையில் பித்தளைப் பற்று வைத்து ஒட்டிய மணிக்கு இந்த யோகம் இல்லை. சாம்பல் பொன்னிறத்துக்கு நடுவே மஞ்சளாக ஒரு கோடு தெரிந்தால் பற்று வைத்திருக்கிறார்கள் என்று பொருள். அங்கே நாதம் திரும்பாது. அத்தகைய மணிக்கு உலோக எடையின் விலைக்கு மேல் தரவேண்டாம்.

தடிமனை அளக்க வளைந்த கால்களுள்ள காலிப்பர் தேவை. அடிபடும் பட்டையில் நாலு திசையிலும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். உள்கரு நகர்ந்து வார்த்திருந்தால் ஒரு பக்கம் தடித்து எதிர்ப்பக்கம் மெலிந்திருக்கும். வேறுபாடு பத்தில் ஒரு பங்குக்குள் இருந்தால் அலை வரும், அவ்வளவுதான். அதற்கு மேல் போனால் மெலிந்த பக்கம் என்றாவது ஒருநாள் விட்டுக்கொடுக்கும்.

இறக்குமதி மணிகளின் தலைக்குள் ஒரு கண்டத்தைத் தேடிப் பார்க்கவேண்டும். நாக்கு மாட்ட இரும்பு வளையத்தைத் தலையோடு சேர்த்தே வார்த்திருப்பார்கள். கடற்கரை ஊர்களில் அந்த இரும்பு துருவேறிப் பருக்கும். பருத்துத் தலையை உள்ளிருந்தே பிளக்கும். வளையத்தின் அடியிலிருந்து நட்சத்திரமாகக் கோடுகள் கிளம்பியிருந்தால் நாதம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்த மணியைத் தலைக்கு மேலே தொங்கவிடக்கூடாது.

நாக்கின் தடம்

மணி வாழ்ந்த கதைக்கு எனக்கு மிகவும் நம்பிக்கையான சாட்சி இதுதான். மணி எங்கே, எப்படித் தொங்கியது, யார் எந்தப் பக்கம் நின்று இழுத்தார்கள் என்பதெல்லாம் தேய்மானத்தில் பதிந்திருக்கிறது.

கயிற்றால் நாக்கை இழுத்து அடித்த மணியில் கயிறு இருந்த பக்கம் ஒரே தடம் ஆழமாக விழுந்திருக்கும். சக்கரத்தில் கட்டி மணியையே ஆட்டிய சர்ச் மணியில் எதிரெதிரே இரண்டு தடங்கள் ஏறக்குறைய சம ஆழத்தில் இருக்கும். வருவோர் போவோர் கையால் ஆட்டிய சிறு மணியில் தடம் வட்டம் முழுதும் சிதறியிருக்கும். இந்த மூன்றில் எது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். விற்பவர் சொல்லும் கதையோடு அது ஒத்துப்போகவேண்டும். ‘சர்ச் கோபுரத்தில் ஆடிய மணி’ என்று சொல்லி ஒற்றைத் தடத்தைக் காட்டினால் கதை பொய்.

அடுத்து நாக்கு தொங்கும் உட்காதைப் பாருங்கள். அது கிழக்கு மேற்காக நிற்கும் வளைவானால் நாக்கு பெரும்பாலும் வடக்கு தெற்காகத்தான் ஆடும். எனவே தடமும் வடக்கிலோ தெற்கிலோ இருக்கவேண்டும். வளைவின் அடியில் நாக்கின் கொக்கி உரசிய பள்ளமும் வேண்டும். தடம் ஆழமாக இருந்து உட்காதில் உரசலே இல்லையென்றால் ஒன்று காதை மாற்றியிருக்கிறார்கள், இல்லாவிட்டால் தடம் கிரைண்டர் தந்தது.

கிரைண்டர் தடத்தைக் கண்டுபிடிக்க ஒரு பூதக்கண்ணாடி போதும். உண்மையான தடம் அடி வாங்கி வாங்கி மழுமழுவென்று மெருகேறியிருக்கும். அதன் விளிம்பில் உலோகம் ஒதுங்கி மெல்லிய வரப்பாக எழும்பியிருக்கும், விரல் நுனியில் அது தட்டுப்படும். கிரைண்டரில் அந்த வரப்பு இருக்காது. ஒரே திசையில் ஓடும் நுண்கோடுகள் இருக்கும். தடத்தின் அகலமும் நாக்கின் குமிழும் பொருந்துகிறதா என்றும் வைத்துப் பாருங்கள். குமிழ் சிறிதாகவும் தடம் பெரிதாகவும் இருந்தால் நாக்கு பிற்காலத்தது. அது குற்றமில்லை, நாக்கு தேய்ந்தால் மாற்றுவதுதான் வழக்கம். ஆனால் தரமறியாதவர்கள் கடின எஃகு நாக்கைப் போட்டு மணியையே தேய்த்திருப்பார்கள். நாக்கு மென்மையான இரும்பாக இருந்து அதுதான் தேயவேண்டும், மணி அல்ல.

நாக்கு எந்த உயரத்தில் படுகிறது என்பதும் முக்கியம். சங்கிலியோ கம்பியோ கட்டி நாக்கை நீட்டிவிட்டால் அது தடித்த பட்டைக்குக் கீழே, வாயின் ஓரத்திலேயே படும். அங்கே சில்லு பெயர்வதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

தேய்வின் அளவுக்கு நான் வைத்திருக்கும் கணக்கு இது. தடத்தில் அளந்த தடிமனை, அங்கிருந்து கால்வட்டம் தள்ளி அளந்ததோடு ஒப்பிடுங்கள். பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தால் மணியைக் கால்வட்டம் திருப்பித் தொங்கவிட்டு, நாக்கு புதிய இடத்தில் படும்படி செய்யவேண்டும். அப்படித் திருப்பினால் உட்காதின் திசையையும் மாற்றவேண்டிவரும். அந்தச் செலவையும் விலை பேசும்போது சேர்த்துக்கொள்ளுங்கள்.

எழுத்து

மணியில் எழுத்து இரண்டு விதமாக வரும். மெழுகிலேயே எழுதி மணியோடு சேர்த்து வார்த்தது ஒன்று. அது மேடாக, ஓரங்கள் மழுங்கி இருக்கும். வார்த்தபின் உளியாலும் புள்ளி உளியாலும் வெட்டியது மற்றொன்று. மேடான எழுத்து மணியின் வயதுதான். வெட்டெழுத்து மணியின் வயதாகவும் இருக்கலாம், நேற்றையதாகவும் இருக்கலாம்.

வெட்டெழுத்தின் பள்ளத்துக்குள் பூதக்கண்ணாடியில் பாருங்கள். சுற்றிலும் உள்ள கருமையும் களிம்பும் பள்ளத்துக்குள்ளும் ஒரே தன்மையில் படிந்திருக்கவேண்டும். பள்ளத்தின் ஓரத்தில் பிசிறு கையைக் கீறினால் புதியது. நூறு ஆண்டு துடைத்த மணியில் பிசிறு தங்காது. எழுத்து ஒரு காற்றுக்குழியையோ பெயர்ந்த சில்லையோ தாண்டிப்போகும் இடம் இருந்தால் அதுதான் சிறந்த சான்று. பழைய எழுத்தைச் சில்லு உடைத்திருக்கும். புதிய எழுத்து சில்லைக் கண்டு ஒதுங்கியிருக்கும், அல்லது சில்லின் பள்ளத்துக்குள்ளேயே இறங்கி வெட்டியிருக்கும்.

பிறகுதான் எழுத்தின் பொருள். தமிழ் மணிகளில் பெரும்பாலும் அறுபது ஆண்டுச் சுழற்சியில் வரும் வருஷப் பெயரைத்தான் வெட்டியிருப்பார்கள். ௵ என்றால் வருஷம், ௴ என்றால் மாதம், ௳ என்றால் நாள். ஒரு வருஷப் பெயர் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை வருவதால் அது மட்டும் வயதைச் சொல்லாது. எழுத்தின் வடிவம் கொஞ்சம் உதவும். ணை, லை, ளை, னை ஆகியவற்றை முன்பு துதிக்கை போட்டு எழுதினோம். ணா, றா, னா முதலியவற்றுக்கும் தனி வடிவம் இருந்தது. இன்றைய வடிவங்களைத் தமிழ்நாடு அரசு ஏற்றது 1978-இல். பெரியார் 1935 முதலே ‘குடி அரசு’ இதழில் அவற்றைப் பயன்படுத்தினார். ஆனால் கோயில் உபய மணியில் அந்த எழுத்து ஏறியிருக்க வழியில்லை. ஆகவே ‘நூறு வருஷ மணி’யில் இன்றைய ‘லை’யைக் கண்டால் அந்த எழுத்துக்கு நூறு வயது இல்லை. இதன் மறுதலை உண்மையல்ல. 1978-க்குப் பிறகும் பலர் பழைய வடிவத்திலேயே எழுதினார்கள்.

வடிவத்தை மட்டும் வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு நியூசிலாந்தின் தமிழ் மணி உதாரணம். 1836-ஐ ஒட்டி வில்லியம் கொலென்சோ என்ற மிஷனரி வங்காரே பகுதியில் மாவோரிப் பெண்கள் உருளைக்கிழங்கு வேகவைக்கும் பாத்திரமாக அதைப் பயன்படுத்தக் கண்டார். இப்போது வெலிங்டனில் தே பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முகையதீன் பக்ஸ் என்பவருடைய கப்பலின் மணி என்று அதில் தமிழில் இருக்கிறது. வருஷம் இல்லை. எழுத்து வடிவத்தை வைத்து 500 ஆண்டு என்று சொன்னவர்கள் உண்டு. ஆனால் அது ஊகம்தான். மணி உடைந்தது, அதனிடம் நாதத்தைக் கேட்க முடியாது. அடுப்பில் வெந்த பாத்திரத்தில் நாக்கின் தடத்தை நம்பவும் முடியாது. மற்ற சாட்சிகள் போய்விட்டால் எழுத்து உடைமையாளரைச் சொல்லும், காலத்தைச் சொல்லாது.

ஒரு மணியை முழுதாகப் பார்ப்போம்

வாய் விட்டம் 30 செ.மீ. உள்ள ஒரு மணி என்று வைத்துக்கொள்வோம். தோளில் பெயரும் ஊரும், ‘ஸ்ரீமுக ௵ தை ௴’ என்றும், கோயிலுக்கு உபயம் என்றும், எடை 13 வீசை என்றும் வெட்டியிருக்கிறது. விற்பவர் 1874 என்கிறார். கடையில் ஆட்டியபோது கரகரத்தது.

நாக்கைக் கட்டிவிட்டுத் தட்டியதும் கரகரப்பு போய்விட்டது. தளர்ந்த வளையம்தான் காரணம். அலை ஒழுங்காக வருகிறது, எட்டில் ஒரு பங்குக்கு ஒருமுறை மறைகிறது. விரிசல் இல்லை. அரம் வழுக்கி, வெளிறிய நிறம் தெரிகிறது, வெண்கலம். பட்டையின் தடிமன் தடத்தில் 20 மி.மீ., எதிரில் 22, பக்கங்களில் 22.5, 21.5. உள்கரு நன்றாக நின்றிருக்கிறது. தேய்வு பத்தில் ஒரு பங்கை ஒட்டி நிற்கிறது, திருப்பித் தொங்கவிடவேண்டும். ஒற்றைத் தடம், அதற்குப் பொருத்தமான உட்காது உரசல். கயிற்றால் இழுத்த கோயில் மணி என்ற கதை பொருந்துகிறது.

இனி எழுத்து. ஒரு வீசை ஏறக்குறைய 1.4 கிலோ, 13 வீசை 18.2 கிலோ. தராசில் மணி 16.6, நாக்கு 1.5, ஆக 18.1 கிலோ. எழுத்தும் மணியும் ஒன்றுக்கொன்று உரியவை. நாக்கும் அன்று நிறுத்ததாகவே இருக்கலாம். எடையும் வெட்டியுள்ள மணிகளில் அதைச் சரிபார்ப்பதைவிட நல்ல சோதனை இல்லை, ஆனால் கடையில் யாரும் தராசைக் கேட்பதில்லை. ஸ்ரீமுக ஆண்டின் தை மாதம் 1874, 1934, 1994 ஆகிய ஆண்டுகளின் தொடக்கத்தில் வரும். 1958 முதல் கிலோ படிப்படியாக வந்துவிட்டது. 1994-இல் வீசையில் வெட்டியிருக்கமாட்டார்கள். மீதி இரண்டு. இரண்டையும் பிரிக்க இந்த மணியில் சான்று இல்லை.

இப்படி நிற்கும்போது இரண்டு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். விலைக்குப் பிந்திய ஆண்டை எடுங்கள், 1934. சட்டத்துக்கு முந்திய ஆண்டை எடுங்கள், 1874. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த இத்தகைய பொருள் தொல்பொருள். அதை விற்க உரிமம் வேண்டும், தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பமுடியாது. நூறாண்டு ஆகாததென்று அனுப்ப நினைப்பவர், தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையிடம் பெறவேண்டும்.

ஆனால் இந்த மணிக்கு அந்தக் கேள்வியே எழக்கூடாது. எழுத்து அது கோயிலுக்கு உபயம் என்கிறது. கோயிலுக்குக் கொடுத்த பொருள் முறையான ஏலத்திலோ ஆணையிலோ வெளிவந்ததற்குத் தாள் இருந்தால் விற்பவர் காட்டட்டும். இல்லையென்றால், நாதம் எவ்வளவு நன்றாக இருந்தாலும், வாங்காதீர்கள். அந்த ஊர்க் கோயிலுக்குத் தகவல் சொல்லுங்கள்.